யாருடைய நட்சத்திரத்திலிருந்து எண்ணுவது?

தினசரி நாட்காட்டியில் தாளைக் கிழித்ததும் தேதிக்கு அடுத்தபடியாகப் பலருடைய கண் போகும் இடம், கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் சந்திராஷ்டம வரிதான். அந்த வரியில் ஒரு நட்சத்திரத்தின் பெயர் மட்டும் இருக்கும். தன் நட்சத்திரம் இல்லையென்றால் அடுத்த வேலை. இருந்துவிட்டால் அன்றைக்குப் புதிதாக எதையும் தொடங்குவதில்லை, கையெழுத்துப் போடுவதில்லை, வீட்டில் யாராவது சண்டைக்கு இழுத்தால் “இன்னைக்கு எனக்குச் சந்திராஷ்டமம், என்கிட்ட எதுவும் பேசாதீங்க” என்று ஒதுங்கிக்கொள்வதும் உண்டு.

ராகு காலம், அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாமும் அதே தாளில் இருக்கின்றன. ஆனால் அவை ஊருக்கே பொதுவானவை. ராகு காலம் எனக்கும் என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒன்றுதான். சந்திராஷ்டமம் அப்படியில்லை. இன்றைக்கு எனக்கு ஆகாத நாள் அவருக்கு மிக நல்ல நாளாக இருக்கலாம். ஆகவே, சந்திராஷ்டமம் என்று சொல்லும்போது அந்த நாளைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்லிவிடவில்லை. ஒருவரின் பிறப்பிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் அந்த நாள் எங்கே விழுகிறது என்பதை மட்டுமே சொல்கிறோம். நாளில் குறையில்லை, எண்ணத் தொடங்கும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் பெரியப்பா விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்துத்தான் இது எனக்குத் தெளிவானது.

அவர் ஜோதிடத்தைத் தொழிலாகச் செய்பவர் இல்லை. சொந்தக்காரர்களுக்கு நாள் பார்த்துக் கொடுப்பார், அவ்வளவுதான். அவருக்குத் தாள், பேனா தேவைப்படாது. கட்டைவிரலை நகர்த்தி மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போவார். நான்கு விரலுக்கு மூன்று மூன்றாகப் பன்னிரண்டு கணு, பன்னிரண்டு ராசி. பிறந்த ராசியை ஒன்று என்று வைத்து எண்ணி, சந்திரன் எட்டாவது ராசியில் நின்றால் அது சந்திராஷ்டமம். சந்திரன் ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறக்குறைய 27 நாளும் எட்டு மணி நேரமும் ஆகிறது. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு ராசிக்கு இரண்டேகால் நாள். சந்திராஷ்டமம் என்பது ஒரு பகல், ஓர் இரவு என்று முடிவதில்லை. மாதத்தில் இரண்டேகால் நாள் அது நீடிக்கிறது.

தாராபலம் பார்க்க அவர் மூன்று விரலோடு நிறுத்திக்கொள்வார். மூன்று விரலில் ஒன்பது கணு. பிறந்த நட்சத்திரத்தை முதல் கணுவில் வைத்து, அன்றைய நட்சத்திரம் வரும்வரை எண்ணுவார். ஒன்பது முடிந்தால் மறுபடி முதல் கணுவுக்கு வருவார். ஒன்பதால் வகுத்து மீதி காணும் கணக்கு விரலிலேயே முடிந்துவிடும். முதல் கணு ஜென்ம தாரை, இரண்டாவது சம்பத்து, மூன்றாவது விபத்து, நான்காவது க்ஷேமம், ஐந்தாவது பிரத்யக், ஆறாவது சாதகம், ஏழாவது வதை, எட்டாவது மைத்ரம், ஒன்பதாவது பரம மைத்ரம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகியவற்றைத் தவிர்ப்பார்கள். மற்ற ஐந்தும் நல்லவை.

இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு விசித்திரம் தெரிகிறது. பல நாட்காட்டிகளில் சந்திராஷ்டமத்துக்கு அச்சிடும் நட்சத்திரம் ஓர் எளிய கணக்கில் வருவது. உங்கள் நட்சத்திரத்திலிருந்து பதினேழாவது நட்சத்திரம் நடக்கும் நாளில் உங்கள் நட்சத்திரத்தின் பெயர் அந்த வரியில் வரும். அசுவினிக்காரருக்குப் பதினேழாவது அனுஷம். அசுவினி மேஷத்தில் இருக்கிறது, அனுஷம் விருச்சிகத்தில், மேஷத்துக்கு விருச்சிகம் எட்டு. கணக்கு சரிதான். இனி அதே பதினேழைத் தாராபலத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்பது போக மீதி எட்டு, அதாவது மைத்ர தாரை, நட்பு தாரை. அடுத்த நாள் கேட்டை, பதினெட்டாவது நட்சத்திரம், ஒன்பதாவது தாரை, பரம மைத்ரம். அசுவினிக்காரரின் இரண்டேகால் நாள் சந்திராஷ்டமத்தில் விசாகத்தின் நான்காம் பாதம் ஒன்றுதான் வதை தாரையில் விழுகிறது. மீதி இரண்டு நாளும் தாராபலத்தில் மிகச் சிறந்த நாள்கள். ‘வேண்டாம்’ என்று நாட்காட்டி ஒதுக்கும் அந்த நாளின் நட்சத்திரம், அசுவினிக்கு மட்டுமில்லாமல் இருபத்தேழு நட்சத்திரத்துக்கும், தாராபலத்தின்படி நட்பான நட்சத்திரமாகவே அமைந்திருக்கிறது. பதினேழில் ஒன்பது போனால் யாருக்கும் எட்டுதானே.

நம் முன்னோர் இதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். வளர்பிறையில் சந்திர பலத்துக்கு முதலிடம், தேய்பிறையில் தாராபலத்துக்கு முதலிடம். அந்த விதியை அசுவினிக்காரரின் அனுஷத்துக்குப் பொருத்திப் பார்த்தால், ஐப்பசியில் வரும் அனுஷம் வளர்பிறையில் இருக்கும், அது சந்திராஷ்டமம், விலக்கு. தையில் வரும் அனுஷம் தேய்பிறையில் இருக்கும், அது மைத்ரம், ஏற்கலாம். ஆள் மாறவில்லை, ராசி மாறவில்லை, சந்திரன் நிற்கும் இடம் மாறவில்லை. நாட்காட்டியோ இரண்டு மாதத்திலும் ஒரே வரியைத்தான் அச்சிடுகிறது. தாளை மட்டும் பார்த்துக் காரியத்தை நிறுத்துகிறவர், சாத்திரம் சொன்னதில் பாதியைத்தான் கேட்கிறார்.

தாளின் கணக்கு முழுக்கவே தவறிவிடும் இடமும் உண்டு. கார்த்திகை முதல் பாதத்தில் பிறந்தவர் மேஷ ராசி. அவருக்குச் சந்திராஷ்டமம் விருச்சிகத்தில். ஆனால் கார்த்திகைக்குப் பதினேழாவது நட்சத்திரம் மூலம், அது தனுசு. ஆகவே சந்திரன் விருச்சிகத்தைக் கடந்து போன பிறகு மூலத்தன்று தாள் ‘கார்த்திகை’ என்கிறது. அந்த மனிதர் தன்னுடைய உண்மையான எட்டாமிட நாள்களில் பத்திரம் எழுதி, கடை திறந்து, எல்லாம் செய்துவிட்டு, அது முடிந்த பிறகு ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறந்த பாதம் தெரிந்தவர்கள் நட்சத்திரத்தை விட்டுவிட்டு ராசியை வைத்துப் பார்த்தால் இந்தப் பிழை வராது. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் நட்சத்திரம் முடியும் நேரத்தில் வேறுபடுவதும் நாம் அறிந்ததுதான். சந்திரன் ஒரு மணி நேரத்தில் அரைப் பாகை நகர்கிறது. எல்லைக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் முந்தி, பத்து நிமிடம் பிந்தி என்று பதறுவதற்கு இந்தக் கணக்கு இடம் தருவதில்லை.

பெரியப்பாவிடம் சென்ற ஒரு காரியத்தை முழுதாகச் சொல்கிறேன். என் சித்தப்பா மகன் கடன் வாங்கி வீடு கட்டினான். புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறிக்கக் குடும்பத்தோடு வந்தான். அவன் ரோகிணி, ரிஷபம். மனைவி உத்திரட்டாதி, மீனம். மகன் ரேவதி, அவனும் மீனம். மகள் மிருகசீரிடம். நான்கு பேருக்கும் பொருந்தும் நாள் வேண்டும் என்றான். ஒருத்தருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்பது அவன் ஆசை.

பெரியப்பா முதலில் கணவன் மனைவி இருவருக்கும் எண்ணினார். ரோகிணிக்கு நல்ல தாரை வரும் நட்சத்திரங்கள் பதினைந்து. உத்திரட்டாதிக்கும் பதினைந்து. இருவருக்கும் பொதுவாக நிற்பவை ஒன்பது: பரணி, புனர்பூசம், ஆயில்யம், பூரம், விசாகம், கேட்டை, பூராடம், பூரட்டாதி, ரேவதி. இதில் பூராடத்தன்று அவனுக்குச் சந்திராஷ்டமம். விசாகத்தின் முதல் மூன்று பாதம் அவளுக்குச் சந்திராஷ்டமம். பரணி, ஆயில்யம், பூரம், கேட்டை, பூரட்டாதி போன்றவற்றைப் பொதுவாகவே சுப காரியத்துக்கு எடுப்பதில்லை. கடைசியில் முழு நாளாக மிஞ்சியவை இரண்டு, புனர்பூசமும் ரேவதியும். மாதத்துக்கு இரண்டு நாள். அதிலும் திதி, கிழமை, நல்ல மாதம் என்று பார்க்கவேண்டும்.

பிறகு மகனைச் சேர்த்தார். ரேவதி நாள் அவனுக்கு ஜென்ம நட்சத்திரம், போயிற்று. புனர்பூசம் ஒன்றுதான் பாக்கி. மகளைச் சேர்த்தார். மிருகசீரிடத்துக்குப் புனர்பூசம் மூன்றாவது, விபத்து தாரை. அதுவும் போயிற்று. திதியும் வேண்டாம், கிழமையும் வேண்டாம், ஆகாத நட்சத்திரமானாலும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தால்கூட, இந்த நான்கு பேருக்கும் சேர்ந்து நல்ல தாரை வரும் நட்சத்திரம் இருபத்தேழில் ஒன்றுகூடக் கிடையாது. இந்த மாதம் இல்லை என்றால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பதற்கும் வழியில்லை. அவர்கள் உயிரோடு இருக்கும் காலம் முழுவதும் அப்படி ஒரு நாள் வராது.

தம்பி முகம் வாடிவிட்டது. “இப்ப என்ன பண்றது பெரியப்பா?” என்றான்.

“வீடு யார் பேருல இருக்கு?”

“ரெண்டு பேர் பேருலயும்.”

“கடன்?”

“அதுவும் ரெண்டு பேரும் சேர்ந்துதான்.”

“அப்ப உங்க ரெண்டு பேருக்கும் பார்த்தா போதும்ப்பா. பிள்ளைங்க உங்களோட வர்றாங்க. பாரம் உங்களுது.”

ரேவதி நாளே நிச்சயமானது. அவனுக்கு அது சாதக தாரை, அவளுக்குச் சம்பத்து தாரை. அவன் ராசிக்குச் சந்திரன் பதினொன்றில். மகனுக்கு ஜென்ம நட்சத்திரமாயிற்றே என்று அவள் தயங்கியபோது, அவன் பேரில் காலையில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வாருங்கள் என்றார்.

நாள் பார்ப்பதில் மிகவும் முக்கியமான கேள்வி சந்திரன் எங்கே இருக்கிறது என்பதுதான் என்று எல்லோரையும் போல நானும் எண்ணியிருந்தேன். அதற்குப் பஞ்சாங்கம் போதும், இப்போது கைப்பேசிச் செயலியே சொல்லிவிடுகிறது. பெரியப்பா கேட்ட கேள்வி அதற்கு முந்தையது. இது யாருடைய காரியம்? யார் தலையில் விழப்போகிறது? எந்த நட்சத்திரத்தை முதல் கணுவில் வைப்பது என்று முடிவு செய்யாமல் எண்ணவே தொடங்க முடியாது. அந்த முடிவைச் சந்திரனோ பஞ்சாங்கமோ எடுத்துத் தராது, மனிதர்தான் எடுக்கவேண்டும். பழைய மரபில் திருமணத்துக்கு மணமக்கள், வீட்டுக்குக் குடும்பத் தலைவனும் தலைவியும், பயணத்துக்குப் போகிறவர் என்று கர்த்தாவை முதலில் நிறுத்தியது இதனால்தான். எல்லோருக்கும் நல்ல நாள் என்று ஒன்று கிடையாது என்பது கணக்கிலேயே எழுதியிருக்கிறது. அதை அறிந்தவர்கள் பொறுப்பேற்கிறவரைத் தேடினார்கள்.

இதை ஊரளவுக்கு விரித்துப் பார்த்தால் மனம் அதிர்கிறது. சந்திரன் எந்த ராசியில் நின்றாலும் அது யாருக்கோ எட்டாமிடம். பன்னிரண்டு பேரில் ஒருவர் எந்நேரமும் சந்திராஷ்டமத்தில் இருக்கிறார். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு 60 லட்சம். நாம் காலையில் ஏறும் பேருந்தை ஓட்டுகிறவர், பிள்ளையின் தேர்வுத்தாளைத் திருத்துகிறவர், மின்கம்பத்தில் ஏறி இணைப்பைச் சரிசெய்கிறவர் இந்த 60 லட்சத்தில் இருக்கலாம். எட்டுப் பேர் ஓரிடத்தில் கூடினால் அவர்களில் ஒருவராவது அன்று சந்திராஷ்டமத்தில் இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஐந்நூறு பேர் வந்த முகூர்த்தத்தில் நாற்பது பேர் அப்படித்தான் வந்து அட்சதை போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் வராதிருந்தால் கல்யாணம் நிறைவாக இருந்திருக்குமா?

சந்திரன் மனத்துக்குக் காரகன், அது எட்டில் மறைந்தால் மனம் தடுமாறும் என்பது ஜோதிடம் சொல்லும் காரணம். சந்திரனின் ஓட்டம் துல்லியமாக அளக்கக்கூடிய வானியல் உண்மை. அந்த ஓட்டத்துக்கு ஏற்ப மனிதரின் தடுமாற்றம் கூடிக் குறைகிறது என்பதற்கு அப்படிப்பட்ட சான்று கிடையாது. எட்டில் சந்திரன் நின்ற நாளில் நடந்த சண்டை நினைவில் தங்குகிறது, மற்ற இருபத்தைந்து நாளில் நடந்த சண்டைக்கு யாரும் தாளைப் புரட்டுவதில்லை. எனினும் மாதத்தில் இரண்டு நாள் குரலைத் தாழ்த்தி, கோபத்தை அடக்கி, அவசரக் கையெழுத்தைத் தள்ளிவைப்பதால் ஒருவர் இழப்பது குறைவு. கடை திறப்பு, வண்டி வாங்குவது, வரன் பார்க்கப் போவது, முதல் தவணை கட்டுவது ஆகிய எதையும் இரண்டேகால் நாள் தள்ளினால் குடி முழுகாது. தள்ளிப்போடும் செலவைத் தானே ஏற்கிறவர் தாராளமாகத் தள்ளிக்கொள்ளலாம். அந்தக் காத்திருப்பு அவருடையது.

செலவு வேறொருவர் தலையில் விழும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. தனக்குச் சந்திராஷ்டமம் என்று, கொடுக்கவேண்டிய கூலியை ஒரு முதலாளி இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் அந்த இரண்டு நாளும் கொத்தனார் வீட்டு அடுப்புக்குச் சேர்ந்தவை. அங்கே எண்ணவேண்டியது கொத்தனாரின் நட்சத்திரத்திலிருந்து. காய்ச்சலில் கிடக்கிறவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நாள் பார்க்கிறோமா? இறுதிச் சடங்குக்குச் சந்திராஷ்டமம் பார்க்கிறோமா? தாமதத்தை இன்னொருவர் தாங்கவேண்டிய இடங்களில் இந்தக் கணக்குக் குறுக்கே வராமல் நம் வழக்கம் வெகுகாலம் பார்த்துக்கொண்டது. புதுக் காரியங்களில்தான் அந்தக் கோடு அழிந்துவருகிறது.

பிரசவ அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் பழக்கத்தை வைத்தே இதைச் சொல்கிறேன். இன்று பல குடும்பங்கள் மருத்துவர் தந்த தேதியை எடுத்துக்கொண்டு ஜோதிடரிடம் போகின்றன. அந்த வாரத்தில் தாய்க்குச் சந்திராஷ்டமம், தாராபலமும் இல்லை, அதற்கு முந்தைய வாரம் நல்ல நட்சத்திரம் இருக்கிறது, அதில் எடுத்துவிடுங்கள் என்று திரும்பி வருகின்றன. தாய்க்காகப் பார்த்தார்கள், தகப்பனுக்காகப் பார்த்தார்கள், தாத்தாவுக்கு ஆகுமா என்றுகூடப் பார்த்தார்கள். முதல் கணுவில் வைக்க நட்சத்திரமே இல்லாத ஒருவர் அந்தக் கணக்கில் இருக்கிறார். பிறந்தால்தான் குழந்தைக்கு நட்சத்திரம். மருத்துவக் காரணம் இல்லாமல் திட்டமிட்டு எடுப்பதானால் 39 வாரம் நிறைந்த பிறகு எடுங்கள் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதற்கு முன் எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் கூடுதலாக வருகிறது, நுரையீரலில் இருக்கும் நீர் வற்றி மூச்சுக்கு அது ஆயத்தமாவது அந்தக் கடைசி வாரங்களில்தான். மைத்ர தாரை, பரம மைத்ர தாரை என்று முப்பத்தேழாம் வாரத்தில் வெளியே எடுத்த பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்கு உதவி தேவைப்பட்டுக் கிடந்தால், அந்த நாளின் பாரத்தைச் சுமப்பது அதுதான்.

39 வாரம் நிறைந்தபின் மருத்துவர் ஐந்து நாள் இடம் கொடுத்தால் அதற்குள் தாய்க்கு நல்ல தாரை வரும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் பெரியப்பா சொல்வார். தவிர்க்கவேண்டிய தாரைகள் ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் வருகின்றன, ஆகவே ஐந்து நாளுக்குள் நல்லது ஒன்றாவது கிடைத்துவிடும், ஒன்பதில் ஐந்து நல்லவை அல்லவா. மருத்துவர் இடமே கொடுக்கவில்லை என்றால், உடனே எடுக்கவேண்டும் என்றால், அவர் விரலை எடுப்பதே இல்லை. “போய்க் கையெழுத்துப் போடு” என்கிறார்.